நோட்டில் ஒன்றேகால் கோடி, கையில் எவ்வளவு?

ஐயா, வணக்கம். என் கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிடித்தம் போக மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. நான் வீட்டிலேயே டியூஷன் எடுப்பதில் 6,000 வரும். 2018-ல் திருச்சியில் 30 லட்சம் வீட்டுக்கடனில் ஃபிளாட் வாங்கினோம். போன வாரம் அவர் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபிளாட் 65 லட்சம், 60 பவுன் நகை 43 லட்சம், பி.எஃப். 11, எல்.ஐ.சி. 10, பேங்க்கில் இரண்டரை. வீட்டுக்கடனில் 22 லட்சம் கட்டிவிட்டோம், பாக்கி 8 லட்சம்தானாம். "நம்ம சொத்து ஒன்றேகால் கோடி. இன்னும் கொஞ்சம் நகையை வைத்து, மீதிக்கு பெர்சனல் லோன் போட்டு 18 லட்சத்தில் ஒரு மனை வாங்கலாம்" என்கிறார். மாசக்கடைசியில் காய் வாங்க யோசிக்கிற எனக்கு இந்த ஒன்றேகால் கோடி எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. யார் சொல்வது சரி?

அன்புள்ள சகோதரி,

கேட்டவுடன் கடன் ஸ்டேட்மென்ட், அடகு ரசீது, பி.எஃப். பாஸ்புக், பாலிசி விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினீர்கள். அதனால்தான் இந்தப் பதிலைப் பொதுவாக இல்லாமல் உங்கள் கணக்காகவே எழுத முடிகிறது. விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடனெல்லாம் போக உங்கள் குடும்பத்தின் நிகர மதிப்பு சுமார் 73 லட்சம். அதில் நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவு செய்யக்கூடிய பணம் பூஜ்யத்துக்கும் பத்தாயிரம் ரூபாய் கீழே. உங்கள் கணவர் சொல்கிற சொத்து பெருமளவு உண்மையிலேயே இருக்கிறது. நீங்கள் உணர்கிற இறுக்கமும் உண்மை. இரண்டும் ஒரே தாளில் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம்.

குடும்ப பேலன்ஸ் ஷீட் போட எனக்கு இரண்டே விதிகள்தான். ஒவ்வொரு சொத்துக்கும், இன்று விற்றால் கையில் என்ன வருமோ அதை எழுத வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும், இன்றே முடிக்க என்ன கொடுக்க வேண்டுமோ அதை எழுத வேண்டும். வாங்கிய விலை, கட்டிய தொகை, முதிர்வில் வரப்போவது எதற்கும் அந்தத் தாளில் இடமில்லை. நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு 2025 ஜூன் 30-ஐ எடுத்துக்கொண்டேன்.

நோட்டில் இருக்கும் பெரிய பிழை வீட்டுக்கடனில்தான். வாங்கியது 30, கட்டியது 22, பாக்கி 8 என்று உங்கள் கணவர் கழித்திருக்கிறார். கைமாற்று வாங்கியிருந்தால் இந்தக் கழித்தல் சரி. வீட்டுக்கடனில் நாம் கட்டும் தவணையிலிருந்து வங்கி முதலில் அந்த மாதத்து வட்டியை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைத்தான் அசலில் வரவு வைக்கும். உங்கள் தவணை 26,035 ரூபாய். 30 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 21,250. ஆக முதல் தவணையில் அசல் குறைந்தது 4,785 ரூபாய்தான். அடுத்த மாதம் இன்னும் ஒரு முப்பத்து நாலு ரூபாய் கூடக் குறைந்திருக்கும். இப்படித்தான் அது மெதுவாக நகரும்.

இடையில் வட்டி ஏறியும் இறங்கியும் இருந்தாலும் உங்களுக்குச் சராசரி எட்டரையை ஒட்டியே வந்திருக்கிறது. 84 தவணை முடிந்துவிட்டது. நீங்கள் கட்டியது 21 லட்சத்து 87 ஆயிரம். அதில் வட்டிக்குப் போனது ஏறக்குறைய 16 லட்சத்து 40 ஆயிரம். அசலில் கழிந்தது ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியில் நிலுவை அசல் என்று 24 லட்சத்து 53 ஆயிரம் போட்டிருக்கிறதே, அதுதான் உங்கள் பாக்கி. எட்டு லட்சம் இல்லை. இந்த ஒரு வரியிலேயே பதினாறரை லட்சம் காணாமல் போகிறது. உங்கள் கணவருக்கு இதைக் காட்டும்போது கொஞ்சம் நிதானமாகக் காட்டுங்கள். ஏழு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவருக்கு இது வலிக்கும்.

அதே ஸ்டேட்மென்ட்டில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: மீதித் தவணைகள் எத்தனை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியபோது, பல கடன்களில் தவணைத் தொகை அப்படியே இருந்தது, மாதங்கள் மட்டும் நீண்டுவிட்டன. மாதா மாதம் ஒரே தொகை போவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு 240-ல் 84 போக 156 மாதம் மீதி என்றே இருக்கிறது. அதனால் கவலையில்லை.

அடுத்து ஃபிளாட். 65 லட்சம் என்பது விளம்பரத்தில் கேட்கும் விலை. உங்கள் கட்டிடத்திலேயே இரண்டாம் மாடியில் இதே 900 சதுர அடி வீடு இரண்டு மாதத்துக்கு முன்பு 56 லட்சத்துக்குக் கைமாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் விலை. தரகு போக 55 என்று வைத்துக்கொள்கிறேன். இப்படி ஒரு விற்பனை காதில் விழாதவர்கள் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், அருகில் பதிவான கிரயங்கள் தெரியும். ஆனால் பத்திரத்தில் காட்டும் தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. எனவே அதை அடிமட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது செலவான முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், மாடுலர் கிச்சன், கப்போர்டு எதையும் மேலே சேர்க்காதீர்கள். அவை செலவாகி முடிந்துவிட்டன. ஃபிளாட்டில் கட்டிடம் வருடா வருடம் பழசாகிறது; விலை ஏறுவது உங்கள் பெயரில் இருக்கும் பிரிபடாத பங்கு மனைக்குத்தான். அந்தப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்து, இந்தத் தாளிலேயே ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது நகைக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். 60 பவுன், பவுன் 72,000, ஆக 43 லட்சத்து 20 ஆயிரம் என்று நோட்டில் இருக்கிறது. பெருக்கல் சரி. ஆனால் 60-ம் சரியில்லை, 72,000-மும் சரியில்லை.

முதலில் யாருடைய நகை என்று பார்க்க வேண்டும். உங்கள் லாக்கரில் இருக்கும் 8 பவுன் இரட்டை வடச் சங்கிலி மாமியாருடையது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அவர் உங்களிடம் பத்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார், தானமாக எழுதிக் கொடுக்கவில்லை. நாத்தனாருக்கும் அதில் ஒரு கண் இருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள். மிச்சம் 52 பவுன். ஒரு பவுன் 8 கிராம், அப்படியானால் 416 கிராம்.

இது மொத்த எடை. நகைக்குள் தங்கம் மட்டுமா இருக்கிறது? நீங்கள் அனுப்பிய அடகு ரசீதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதை 15 பவுன் என்கிறீர்கள். ரசீதில் மொத்த எடை 120 கிராம், அதன் பக்கத்திலேயே நிகர எடை 112 கிராம் என்று இருக்கிறது. அந்த 8 கிராம் எங்கே போனது? வங்கியில் நகை மதிப்பீட்டாளர் அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கெம்புக்கல் அட்டிகையைத் திருப்பிப் பார்ப்பார், கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்குக்கு ஒரு கழிவு போடுவார். தாலிச் சங்கிலியில் கோர்த்த கருகமணி, பவளம் எல்லாவற்றையும் கழிப்பார். அப்புறம் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டுப் பார்த்து காரட்டை எழுதுவார். அந்த ரசீதில் இருப்பது கடன் கணக்கு மட்டுமில்லை. உங்கள் நகைக்கு நீங்கள் கேட்காமலேயே கிடைத்த ஒரு மதிப்பீடும் அதில் இருக்கிறது. அதைக் கடன் முடிந்ததும் கிழித்துப் போடாதீர்கள்.

மீதி நகைகளை நீங்கள் எடை போட்டு எழுதி அனுப்பியதையும் சேர்த்தால், கல்லும் அரக்கும் போக நிகர எடை 390 கிராம். அதில் 280 கிராம் 916 முத்திரை உள்ளது. பாக்கி 110 கிராம் உங்கள் அம்மாவின் காலத்து நகை, மதிப்பீட்டாளர் 20 காரட் என்று சொன்னது. 22 காரட் விலையால் அதைப் பெருக்கக் கூடாது. 110-ஐ 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் சரியாக 100 கிராம். ஆக 22 காரட் கணக்கில் உங்களிடம் இருப்பது 380 கிராம் தங்கம். பவுனில் சொன்னால் நாற்பத்தேழரை.

விலையில் இன்னொரு சங்கதி. கடைப் பலகையில் கிராம் 9,000 என்று இருந்தால், அது நாம் வாங்குவதற்கான விலை, அதுவும் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ப்பதற்கு முன்பு. பத்து பவுன் ஆரத்துக்கு 15 சதவீதம் சேதாரம் கொடுத்திருந்தால் ஒன்றரை பவுன் விலை வாங்கிய அன்றே போய்விட்டது. விற்கும்போது அதை யாரும் தரமாட்டார்கள். அதற்கும் மேலே, பழைய நகையைப் பணத்துக்கு எடுக்கும் கடை உருக்குச் சேதம் என்று கொஞ்சம் கழிக்கும். புது நகைக்கு மாற்றினால் ஒரு விலை, பணமாகக் கேட்டால் அதைவிடக் குறைந்த விலை. நான் கிராமுக்கு 8,800 போட்டிருக்கிறேன். 380 கிராமுக்கு 33 லட்சத்து 44 ஆயிரம். நீங்கள் படிக்கும் நாளில் விலை வேறாக இருந்தால் அன்றைய விலையில் இதே வழியில் போட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த நகைக்கு இப்போது 12.5 சதவீதம். மொத்த நகையையும் நீங்கள் விற்கப்போவதில்லை என்பதால் அதைக் கழிக்காமல் விட்டிருக்கிறேன்.

அடகில் இருக்கும் நகையை இந்த 390-ல் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். வங்கியின் பெட்டியில் இருந்தாலும் அது உங்களுடையதுதான். அதன் பேரில் வாங்கிய கடன் எதிர்ப்பக்கத்தில் வரும்.

பி.எஃப்.பும் பாலிசியும் சுருக்கமாக. பாஸ்புக்கில் மூன்று பத்திகள் இருக்கின்றன: ஊழியர் பங்கு 5.7 லட்சம், நிறுவனப் பங்கு 3.8 லட்சம், பென்ஷன் பங்களிப்பு ஒன்றரை லட்சம். உங்கள் கணவர் மூன்றையும் கூட்டிவிட்டார். மூன்றாவது பத்தி, மாதம் 1,250 வீதம் பென்ஷன் நிதிக்குப் போன தொகை. அதற்கு வட்டி சேராது, நம் இருப்பாகவும் அது நிற்காது. பிற்காலத்தில் மாதப் பென்ஷனாகத்தான் பலன் தரும். ஆக பி.எஃப். 9.5 லட்சம். பாலிசியில் 10 லட்சம் என்பது காப்பீட்டுத் தொகை. இன்று நிறுத்தினால் கிளையில் சொன்ன சரண்டர் மதிப்பு 4.1 லட்சம். அதை எழுத வேண்டும்.

நோட்டில் எழுதாமல் விட்ட கடன்கள் மூன்று. நாத்தனார் கல்யாணத்துக்காக 15 பவுனை வைத்து வாங்கிய 4 லட்சம். 9 சதவீத வட்டியில் 10 மாதம் ஆகிவிட்டது, இன்று மீட்க வேண்டுமானால் 4 லட்சத்து 30 ஆயிரம் வேண்டும். மாதா மாதம் கட்டாத கடன் என்பதால் இது கண்ணில் படாமலே வளர்கிறது. அடுத்து உங்கள் அண்ணன் கொடுத்த 2 லட்சம். "அண்ணன்தானே, கேட்கவா போறார்" என்று உங்கள் கணவர் சொன்னாராம். அவர் கேட்காமல் இருக்கலாம். வாங்கியது வாங்கியதுதான்.

மூன்றாவது சீட்டு. 20 மாதச் சீட்டை எட்டாவது மாதமே எடுத்துவிட்டீர்கள், இப்போது பதினாலு மாதம் முடிந்திருக்கிறது. எடுக்காத சீட்டு என்றால் கட்டிய பணம் நமக்கு வரவேண்டியது. எடுத்த சீட்டு என்றால் மீதித் தவணை முழுவதும் நம் கடன். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்த பிறகும் சேமிப்பு என்றே நினைத்துக் கட்டுவார்கள். உங்களுக்கு மாதம் 10,000 வீதம் ஆறு மாதம், 60,000. தள்ளு கிடைத்தால் கொஞ்சம் குறையும், இருக்கட்டும்.

சரி, இப்போது தாளில் எழுதிவிடலாம்.

சொத்து: ஃபிளாட் 55 லட்சம், நகை 33.4, பி.எஃப். 9.5, பாலிசி 4.1, வங்கியில் 2.5. கூட்டினால் 104.5 லட்சம்.

கடன்: வீட்டுக்கடன் 24.5, நகைக்கடன் 4.3, அண்ணனுக்கு 2, சீட்டு 0.6. கூட்டினால் 31.4 லட்சம்.

மிச்சம் 73.1 லட்சம். ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ், கட்டில் எதையும் நான் சேர்க்கவில்லை. அவற்றை விற்று யாரும் கடன் கட்டப்போவதில்லை.

இதோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான். இதே 73 லட்சத்தை, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கடனையும் அது எதன் பேரில் இருக்கிறதோ அதோடு சேர்க்க வேண்டும். வீட்டில், கடன் போக 30.5 லட்சம். நகையில், அடகு போக 29.1 லட்சம். ஓய்வுக்காலத்துக்கான பி.எஃப்.பில் 9.5. பாலிசியில் 4.1. வங்கியில் 2.5 லட்சம் இருக்கிறது. ஆனால் எந்தப் பொருளின் பேரிலும் இல்லாத கடன்கள் இரண்டு, அண்ணனுக்கு 2 லட்சமும் சீட்டுக்கு 60 ஆயிரமும். இரண்டரையிலிருந்து இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைக் கழித்தால் பத்தாயிரம் குறைகிறது.

நீங்கள் மாசக்கடைசியில் உணர்வது இந்த வரியைத்தான். மொத்தத்தில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் நீங்கள் குடியிருக்கும் வீட்டிலும் கழுத்துக்கும் கைக்குமான நகையிலும் இருக்கிறது. வீட்டின் ஒரு அறையை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. நகையை எடுக்கலாம், ஆனால் அதில் இன்னொரு கேள்வி இருக்கிறது.

கல்யாணத்தில் உங்கள் பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம். அதற்கு உரிமை முழுவதும் உங்களுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொல்லிவிட்டது. குடும்பத்துக்கு ஒரே தாள் போடுவதில் தவறில்லை. ஆனால் அதில் ஒரு பத்தியில், எது யார் பெயரில் என்று எழுதுங்கள். ஃபிளாட் இருவர் பெயரிலும், பி.எஃப். அவர் பெயரில், நகை உங்கள் பெயரில். "நம்ம நகையை வைக்கலாம்" என்று பேச்சு வரும்போது, கேட்க வேண்டியது யாரிடம் என்பது தாளிலேயே தெரியட்டும்.

இனி அந்த மனை. 18 லட்சத்துக்கு வாங்கினால் சொத்துப் பக்கம் 18 ஏறும், கடன் பக்கம் 18 ஏறும். வாங்கிய அன்று நிகர மதிப்பு ஒரு ரூபாய்கூடக் கூடாது. குறையத்தான் செய்யும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழுத் தொகைக்கும் பதிந்தால் ஒரு லட்சத்து 62 ஆயிரம். அதற்கும் கையில் பணம் வேண்டும்.

விலை ஏறுமா என்பது பிறகு. மாதம் எப்படி ஓடும் என்று முதலில் பார்ப்போம். அவர் சொல்கிறபடி நகையில் இன்னும் 6 லட்சம், பெர்சனல் லோன் 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்சனல் லோன் 12 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு என்றால் மாதத் தவணை 26,693. இப்போது கட்டும் வீட்டுத் தவணையைவிட அதிகம்! இரண்டும் சேர்ந்து 52,700, சீட்டு 10,000. வரும் 74,000-ல் 62,700 போய்விடும். மிஞ்சும் பதினோராயிரத்துச் சொச்சத்தில் சாப்பாடு, பள்ளி, பாலிசி, மின்கட்டணம் எல்லாம். புது நகைக்கடனுக்கு மாதம் 4,500 வட்டி வேறு சேர்ந்துகொண்டே போகும். ஆறு மாதத்தில் சீட்டு முடிந்தாலும் கையில் 21,000-தான். என் கருத்து வெளிப்படையானது: இப்போது வேண்டாம். மனை கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. உங்கள் தாளில் ஏற்கெனவே அதிகமாக இருப்பது விற்க நாளாகும் சொத்து, இல்லாமல் இருப்பது பணம். கடன் வாங்கி மறுபடியும் அதே பக்கத்தில் எடை ஏற்றுவது சரியில்லை.

நான் முதலில் கை வைக்கச் சொல்வது அந்த நகைக்கடனில். ரசீதில் தவணைத் தேதி இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது. அதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் அபராத வட்டி சேரும், அதன்பின் நோட்டீஸ், கடைசியில் ஏலம். 4 லட்சத்துக்கு வருடம் 36,000 வட்டி. சீட்டு முடிந்து மிஞ்சும் பத்தாயிரத்தை மாதா மாதம் இதற்கே கட்டினாலும் தீர நாலு வருடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு வழி இருக்கிறது. முடிவு முழுக்க உங்களுடையது என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். அம்மா காலத்து 110 கிராமில் அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த தோடு, பத்து வருடமாகப் போடாத வளையல் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அந்த 20 காரட் நகையில் 54 கிராம் விற்றால் 4 லட்சத்து 30 ஆயிரம் வரும். அடகில் இருக்கும் 112 கிராம் வீட்டுக்கு வந்துவிடும். பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும், நிகர மதிப்பு அப்படியே 73-ல் நிற்கும், வருட வட்டி 36,000 மட்டும் நின்றுபோகும். விற்பனையை உங்கள் பெயரில் செய்து, பணத்தை உங்கள் கணக்கில் வாங்குங்கள். உங்களுக்கு வேறு வருமானம் குறைவு என்பதால் வரி பெரிதாக வராது. ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவின் நினைவாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்ள நினைத்தால் அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அந்த அளவுக்கு விற்பதைக் குறைத்துக்கொண்டு, மீதியைச் சீட்டுப் பணத்தில் அடையுங்கள். அது முடிந்ததும் அதே பத்தாயிரம் அண்ணனுக்கு, அப்புறம் வங்கி இருப்புக்கு.

அடுத்த வருடம் ஜூன் 30-ல் இதே தாளை மறுபடி போடும்போது ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்யுங்கள். நகையையும் ஃபிளாட்டையும் இரண்டு பத்திகளில் எழுதுங்கள்: ஒன்றில் புது விலை, இன்னொன்றில் இந்த வருடத்து விலையே. தங்கம் பத்து சதவீதம் ஏறினால் உங்கள் நிகர மதிப்பு மூன்று லட்சத்துக்கு மேல் தானாகக் கூடிவிடும். அந்த வருடம் ஒரு ரூபாய் சேமிக்காமல் புதுக்கடன் வாங்கியிருந்தாலும் தாள் அழகாகத் தெரியும். உங்கள் கணவருக்கு ஒன்றேகால் கோடி வந்த வழியில் பாதி இதுதான். பழைய விலைப் பத்தியில் என்ன கூடியிருக்கிறதோ அது மட்டும்தான் நீங்கள் இருவரும் சேர்த்தது. அதில் ஒரு பங்கு ஏற்கெனவே உறுதி. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வீட்டுக்கடனுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் கட்டுவீர்கள், அதில் அசல் 1 லட்சத்து 8 ஆயிரம் குறையும். முதல் மாதம் 4,785 குறைந்த அசல், இந்த ஜூலைத் தவணையில் 8,650-க்கு மேல் குறைகிறது. ஸ்டேட்மென்ட்டில் அந்த இரண்டு வரிகளையும் பேனாவால் அடிக்கோடிட்டு, பதினாறரை லட்சம் காணாமல் போன கதையைச் சொல்லும் அன்றே உங்கள் கணவரிடம் இதையும் காட்டுங்கள்.